உங்களுக்குத் தெரியுமா? கடைசி வரிசைக்கு எத்தனை வாட்?

சமுதாயக் கூடத்துக்கோ பஜனை மண்டபத்துக்கோ டியூஷன் சென்டர் ஹாலுக்கோ மைக்செட் வாங்கப் போனால், கடைக்காரர் வாயிலிருந்து முதலில் வரும் எண் வாட். எண் பெரிதானால் சத்தமும் பெரிதாகும் என்று நாமும் நம்பிவிடுகிறோம். நூறு, நூற்றைம்பது பேர் உட்காரும் ஒரு சின்னக் கூடத்துக்கு அந்த எண்ணில் எது நிஜம், எதைப் பார்த்து வாங்க வேண்டும்? இந்த வாரத் துணுக்குகள் அதைப் பற்றி.

முன்பக்கம் 5000, பின்பக்கம் 60

1980, 90களில் டேப்ரிக்கார்டர் வாங்கியவர்களுக்கு ‘பிஎம்பிஓ’ நன்றாக நினைவிருக்கும். கையில் தூக்கிக்கொண்டு போகிற செட்டின் மேல் 1000, 2000 என்று பளபளப்பான ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அந்த எண்ணை எப்படி அளக்க வேண்டும் என்று எந்தத் தர அமைப்பும் வரையறுத்ததில்லை. கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக, ஒலி எவ்வளவு சிதைந்தாலும் கவலைப்படாமல் கணக்கிட்டது என்பதால் தயாரிப்பாளர் விருப்பம்போல் எதையும் போட்டுக்கொள்ளலாம்.

உண்மையை ஓரளவு பிடித்துக்கொடுப்பது செட்டின் பின்பக்கம்தான். ‘230 வோல்ட், 60 வாட்’ என்று மின்சாரச் செலவு அங்கே அச்சாகியிருக்கும். சுவரிலிருந்து 60 வாட் மட்டும் இழுக்கும் கருவி 5000 வாட்டைத் தொடர்ந்து வெளியே தர வழியே இல்லை. உள்ளே வரும் மின்சாரத்தில் ஒரு பகுதி சூடாகவும் போய்விடுவதால், ஸ்பீக்கருக்குப் போவது அந்த 60ஐவிடக் குறைவுதான்.

ஒரு எச்சரிக்கை. மேடை நிகழ்ச்சிகளுக்கான பெரிய ஆம்ப்ளிஃபயர்களில், முழுத் திறனில் 8இல் ஒரு பங்கு வேலை செய்யும்போது ஆகும் செலவையே பின்பக்கம் எழுதுவது வழக்கம். பாட்டும் பேச்சும் சராசரியாக அந்த அளவைத்தான் கேட்கும் என்பதே காரணம். எனவே அங்கே பின்பக்க எண் முன்பக்க எண்ணைவிடச் சிறிதாக இருந்தாலே மோசடி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஐந்தாறு மடங்கு வித்தியாசம் என்றால் சரி. எண்பது மடங்கு என்றால் அது ஸ்டிக்கர் வேலை.

ஒரே ஆம்ப்ளிஃபயர், இரண்டு எண்

நல்ல ஆம்ப்ளிஃபயரிலும் இரண்டு எண்கள் வரும். ஏற்ற இறக்கம் இல்லாத ஒரே சீரான ‘ஊம்’ ஒலியைக் கொடுத்து, சிதையாமல் தொடர்ந்து எவ்வளவு தருகிறது என்று அளந்தால் வருவது தொடர் வாட். கடைகளில் இதைத்தான் ‘ஆர்எம்எஸ்’ என்பார்கள். அந்த ஒலி அலையின் உச்சி முனையில் மட்டும் நின்று கணக்குப் பார்த்தால் சரியாக இரண்டு மடங்கு வரும். அது உச்ச வாட், அதாவது ‘பீக்’. 100 வாட் தொடர்ந்து தரும் ஆம்ப்ளிஃபயரை 200 வாட் பீக் என்று விற்பதில் பொய் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே கருவிதான், ஒரே சத்தம்தான்.

எண்ணை ஊதிப் பெருக்கும் பழக்கம் புதிதல்ல. அமெரிக்காவில் இது எல்லை மீறியதால், வீட்டு ஆம்ப்ளிஃபயர் விளம்பரங்களில் தொடர் வாட்டை எப்படி அளந்து எப்படிச் சொல்ல வேண்டும் என்று 1974இல் அரசே விதி போட்டது.

இரண்டு கடைகளில் விலை ஒப்பிடும்போது, ஒரு கடையின் பீக் எண்ணை இன்னொரு கடையின் தொடர் எண்ணோடு ஒப்பிடாமல் பார்த்துக்கொண்டாலே பாதி ஏமாற்றம் குறையும்.

ஸ்பீக்கருக்கு மூன்று எண்

ஸ்பீக்கர் பாக்ஸின் விவரத்தாளில் 250, 500, 1000 என மூன்று எண்கள் இருக்கும். முதலாவது தொடர் வாட். ஏஇஎஸ் என்ற ஒலிப் பொறியாளர் சங்கம் 1984இல் வகுத்த முறைப்படி என்றால், அருவி இரைச்சல் போன்ற ஓர் ஒலியை இரண்டு மணி நேரம் விடாமல் ஊட்டியும் ஸ்பீக்கர் பழுதாகாத அளவு அது. இரண்டாவது ‘புரோகிராம்’ வாட். இதைத் தனியாக யாரும் அளப்பதில்லை, முதல் எண்ணை இரண்டால் பெருக்கிப் போடுவது வழக்கம். மூன்றாவது பீக். அந்தச் சோதனை ஒலியின் உச்சங்கள் சராசரியைப் போல நான்கு மடங்கு என்பதால், முதல் எண்ணை நான்கால் பெருக்கினால் இது வந்துவிடும்.

ஆக 1000 வாட் பாக்ஸ் என்று கடையில் சொன்னால் கேட்க வேண்டியது ஒன்றே: “தொடர் வாட் எவ்வளவு?” பதில் 250 என்று வரலாம்.

இந்த மூன்றுமே ஸ்பீக்கர் எவ்வளவு தாங்கும் என்று சொல்பவை. எவ்வளவு சத்தம் தரும் என்று ஒன்றுகூடச் சொல்லவில்லை. லாரியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் பாரக் கணக்கைப் பார்த்து அதன் வேகத்தைச் சொல்ல முடியுமா?

நூறு வாட்டில் தொண்ணூற்றொன்பது சூடு

சாதாரண பாக்ஸ் ஸ்பீக்கருக்குள் 100 வாட் போனால், ஒலியாக வெளியே வருவது ஏறக்குறைய 1 வாட்தான். மீதி முழுவதும் வாய்ஸ் காயிலில் சூடாகிறது. விரல் தடிமன்கூட இல்லாத அந்தச் செம்புச் சுருளுக்குள் ஒரு சின்ன இஸ்திரிப் பெட்டி அளவுக்குச் சூடு ஏறலாம்.

செம்பு சூடானால் மின்தடை கூடும். அறை வெப்பத்திலிருந்து 200 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய 70 சதவீதம் கூடிவிடும். தடை கூடக்கூட ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கர் இழுக்கும் மின்சாரம் குறையும், சத்தமும் இறங்கும். முழு வாட்டில் நெடுநேரம் ஓடும் ஸ்பீக்கர் 3 டெசிபல் அளவுக்கு இறங்குவது சகஜம். ‘தொடக்கத்தில் நல்லா இருந்துச்சு, போகப்போக மந்தமாயிடுச்சு’ என்று ஆபரேட்டர் வால்யூமைக் கூட்டுவார். கூட்டக் கூட்டச் சூடு இன்னும் ஏறும். சுருளின் மேல்பூச்சு கருகும் வாசனை வந்த பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. தாங்கும் எல்லையில் பாதிக்குள் ஓடும் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுப்பது அதனால்தான்.

இரட்டிப்பு வாட், இரட்டிப்பு சத்தம் அல்ல

100 வாட் ஆம்ப்ளிஃபயரை எடுத்துவிட்டு 200 வாட் வைத்தால் கூடுவது 3 டெசிபல். அருகருகே மாற்றி மாற்றிக் கேட்டால் ‘கொஞ்சம் கூடியிருக்கு’ என்று தெரியும், அவ்வளவுதான். காதுக்கு ‘இரண்டு மடங்கு’ என்று தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும். அதற்கு 10 மடங்கு வாட், அதாவது 1000 வாட் தேவை.

400 வாட்டுக்கும் 500 வாட்டுக்கும் உள்ள இடைவெளி 1 டெசிபல்கூட இல்லை. கூட்டத்தில் யாருக்கும் தெரியாத வித்தியாசம் அது. அந்த 100 வாட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை நல்ல மைக்குக்கோ ஸ்டாண்டுக்கோ செலவழித்தால் பலன் காதுக்குத் தெரியும்.

யாரும் கேட்காத எண்

ஸ்பீக்கரின் விவரத்தாளில் ‘சென்சிட்டிவிட்டி’ என்று ஒரு வரி இருக்கும். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் என்பதுதான் அது. வீட்டு அலமாரியில் வைக்கும் சின்ன ஸ்பீக்கருக்கு 87 இருக்கலாம். கூடங்களுக்கான 12 அங்குல பாக்ஸுக்கு 96 இருக்கலாம். வித்தியாசம் 9 டெசிபல். மூன்று, மூன்றாக இரட்டித்துப் பாருங்கள்: 2, 4, 8. முதல் ஸ்பீக்கருக்கு 400 வாட் கொடுத்தால் வரும் சத்தத்தை இரண்டாவது ஸ்பீக்கர் 50 வாட்டில் தந்துவிடும்.

1920களின் இறுதியில் பேசும் படம் வந்தபோது, பெரிய பெரிய திரையரங்குகள் சில பத்து வாட் ஆம்ப்ளிஃபயர்களை வைத்துக்கொண்டே நிறைந்தன. அப்போது அதிக வாட் கிடைக்காது, அதனால் திரைக்குப் பின்னால் ராட்சதக் கூம்புகளை நிறுத்தி ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டியைக் கூட்டினார்கள். நம்மூர்க் கோயில் கோபுரத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி 30, 40 வாட்டில் ஊரையே எழுப்பியதும் இதே தந்திரத்தால்தான்.

ஒரு கூடத்தின் கணக்கு

50 அடி நீளம், 30 அடி அகலம், 13 அடி உயரம், 120 நாற்காலி. மேடை போக, ஸ்பீக்கரிலிருந்து கடைசி வரிசைக்கு 40 அடி, அதாவது 12 மீட்டர். கணக்கைக் கடைசி வரிசையிலிருந்து தொடங்க வேண்டும்.

மின்விசிறி இரைச்சலும் குழந்தைகளின் சளசளப்பும் உள்ள இடத்தில் பேச்சு தெளிவாகக் கேட்க அங்கே 80 டெசிபல் போதும். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் இறங்கும். அந்தக் கணக்கில் 1 மீட்டரிலிருந்து 12 மீட்டருக்குப் போனால் ஏறக்குறைய 22 குறையும். 96 சென்சிட்டிவிட்டி உள்ள பாக்ஸுக்கு 1 வாட் கொடுத்தால் கடைசி வரிசையில் 74 வரும். மேடையின் இருபுறமும் இரண்டு பாக்ஸ் என்றால் 3 கூடி 77. இன்னும் வேண்டியது 3, அதாவது இரட்டிப்பு. ஆக, பேச்சுக்குப் பாக்ஸ் ஒன்றுக்குச் சராசரி 2 வாட் போதும்!

பாட்டுக் கச்சேரிக்கு 90 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 77க்கு மேல் 13 டெசிபல் என்பது 20 மடங்கு. பாக்ஸுக்கு 20 வாட். இதே இடத்தில் 87 சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கரை வைத்திருந்தால் 160 வாட் சராசரியாக ஓட வேண்டியிருக்கும், அது சீக்கிரம் கருகியிருக்கும்.

இங்கே நேராகக் காதுக்கு வரும் ஒலியை மட்டுமே கணக்கிட்டோம். சுவர்களில் பட்டுத் திரும்புவது மேற்கொண்டு சேரும் என்பதால் நிஜத்தில் இதைவிடக் குறைவாகவே தேவைப்படும்.

அப்படியானால் 200 வாட் எதற்கு?

சராசரி 20 வாட் போதும் என்றால் 20 வாட் ஆம்ப்ளிஃபயர் வாங்கினால் ஆகாதா? ஆகாது. பேச்சும் பாட்டும் சமவெளியாக ஓடுவதில்லை. ‘ப’, ‘ட’ போன்ற எழுத்துகள் வெடிக்கும்போதும், தவிலில் ஒரு தட்டு விழும்போதும் சராசரிக்கு 10, 12 டெசிபல் மேலே ஒரு கணம் தாவும். 10 டெசிபல் என்றால் 10 மடங்கு. 20 வாட் சராசரியில் ஓடும் கச்சேரிக்கு அந்தக் கணத்தில் 200 வாட் வேண்டும். பேச்சுக்கு 2 வாட் சராசரி என்றால், 12 டெசிபல் தாவலுக்கு 32 வாட்.

உச்ச வாட் உண்மையிலேயே பொருட்படுவது இங்கேதான். ஆம்ப்ளிஃபயரிடம் அந்தக் கணத்துக்கான கையிருப்பு இருக்க வேண்டும், ஸ்பீக்கரும் அதைத் தாங்க வேண்டும். அதனால்தான் ஸ்பீக்கரின் தொடர் வாட்டுக்குச் சமமாகவோ, கவனமான ஆபரேட்டர் இருந்தால் அதைப் போல இரண்டு மடங்கு வரையோ ஆம்ப்ளிஃபயரின் தொடர் வாட் இருக்கலாம் என்கிறார்கள். மேலே சொன்ன கூடத்துக்கு, தொடர் வாட் 200 உள்ள இரண்டு பாக்ஸும், 8 ஓமில் பக்கத்துக்கு 200 முதல் 300 வாட் தரும் ஆம்ப்ளிஃபயரும் நிறைவாகப் போதும்.

தவில், நாதஸ்வரக் கச்சேரி என்றால் இந்த அளவுக் கூடத்தில் அவற்றுக்கு மைக்கே தேவையில்லை என்பது தனிக் கதை.

சின்ன ஆம்ப்ளிஃபயர் பெரிய ஸ்பீக்கரை எரிக்கும்

‘50 வாட் ஆம்ப்ளிஃபயர் 200 வாட் ஸ்பீக்கரை என்ன செய்துவிடும்?’ என்று நினைப்போம். அளவோடு ஓட்டினால் ஒன்றும் செய்யாது. சத்தம் போதவில்லை என்று குமிழைக் கடைசிவரை திருகும்போதுதான் ஆபத்து. தன்னால் தர முடிந்த உச்சத்தைத் தாண்டியதும் ஆம்ப்ளிஃபயர் அலையின் முனைகளை வெட்டிவிடும். இதற்குப் பெயர் கிளிப்பிங்.

முனை வெட்டுப்பட்ட அலை தட்டையாகிச் சதுரத்தை நெருங்கும். அதே உயரமுள்ள சதுர அலையின் சராசரித் திறன் சீரான அலையைப் போல இரண்டு மடங்கு. 100 வாட் என்று எழுதிய ஆம்ப்ளிஃபயர், இப்படி விரட்டப்பட்டால் 200 வாட் வரை தள்ளும். வெட்டுப்பட்ட முனைகள் புதிதாகக் கூர்மையான ஒலிகளையும் பிறப்பிக்கும். அவை டுவீட்டருக்குப் போகும். பாக்ஸின் வாட் எவ்வளவாக இருந்தாலும் உள்ளே இருக்கும் டுவீட்டர் தாங்குவது அதில் ஒரு சிறு பங்குதான். பெரிய உஃபர் தப்பித்து டுவீட்டர் மட்டும் அடிக்கடி எரிவது இதனால்தான்.

கண்டுபிடிப்பது எளிது. முன்பக்கம் ‘கிளிப்’ என்ற சிவப்பு விளக்கு எப்போதாவது மின்னினால் பரவாயில்லை, அணையாமல் எரிந்தால் குமிழை இறக்க வேண்டும். விளக்கு இல்லாத செட்டில் காதுதான் காவல். ‘ச’, ‘ஸ’ எழுத்துகள் கரகரத்துக் கீறினால், தபேலாவின் தட்டு ‘டப்’ என்று தட்டையானால் கிளிப்பிங் தொடங்கிவிட்டது. பாக்ஸில் பேச்சு கேட்கிறது, ஆனால் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது என்றால் டுவீட்டர் ஏற்கெனவே போய்விட்டது.

எந்த ஓமில் அந்த வாட்?

‘300 வாட்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது அரைகுறைத் தகவல். ‘4 ஓமில் 300 வாட்’ என்பதே முழுத் தகவல். அதே ஆம்ப்ளிஃபயர் 8 ஓம் பாக்ஸுக்கு 150 முதல் 200 வாட்தான் தரும்.

‘இன்னொரு பாக்ஸ் சேர்த்துக் கட்டிடலாம்’ என்பதிலும் கவனம் தேவை. ஒரே பக்கத்தில் இரண்டு 8 ஓம் பாக்ஸ்களை இணையாகக் கட்டினால் 4 ஓம். மூன்றாவதையும் சேர்த்தால் 2.7 ஓம். குறைந்தது 4 ஓம் வேண்டும் என்று எழுதியிருக்கும் ஆம்ப்ளிஃபயரில் இதைச் செய்தால், சூடேறி அடிக்கடி தானே நின்றுவிடும், அல்லது வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் போய்விடும்.

வயரும் வாட்டைத் தின்னும். 1.5 ஸ்கொயர் வயரை 20 மீட்டர் இழுத்தால் போகவர அரை ஓம் சேரும். 8 ஓம் பாக்ஸுக்கு அரை டெசிபல் நஷ்டம், 4 ஓமுக்கு 1 டெசிபல். அதைவிட மெல்லிய வயர் என்றால் நஷ்டம் வேகமாகக் கூடும். நீளக் கூடத்தில் சுவரோரமாக ஐந்தாறு காலம் ஸ்பீக்கர் மாட்டுவதாக இருந்தால் 100 வோல்ட் லைன் முறைதான் வசதி. அதில் ஓம் கணக்கே வேண்டாம். ஒவ்வொரு ஸ்பீக்கரின் டேப்பிலும் உள்ள வாட்டைக் கூட்டி, மொத்தம் ஆம்ப்ளிஃபயரின் வாட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் சரி.

காலிக் கூடத்தில் சோதிக்காதீர்கள்

டைல்ஸ் தரை, சுண்ணாம்புச் சுவர், கான்கிரீட் கூரை. மேலே கணக்குப் போட்ட அதே கூடம் காலியாக, கதவு ஜன்னல் சாத்திக் கிடந்தால் ஒரு கைத்தட்டல் அடங்க ஐந்து நொடிக்கு மேல் ஆகும். 120 பேர் வந்து உட்கார்ந்தால் அது ஒன்றரை நொடிக்குள் வந்துவிடும், ஏனென்றால் மனித உடலும் துணியும் ஒலியை உறிஞ்சும்.

‘சத்தம் இருக்கு, ஆனா என்ன பேசுறாங்கன்னு புரியல’ என்பது வாட் குறைவின் அடையாளம் அல்ல. நேராக வரும் ஒலியை எதிரொலி அமுக்கிவிட்டதன் அடையாளம். வாட்டைக் கூட்டினால் எதிரொலியும் கூடவே கூடும், தெளிவு ஒரு இம்மியும் கூடாது.

செய்யத்தக்கது பாக்ஸை ஆள் உயரத்துக்கு மேல் தூக்கி, சுவரைப் பார்க்காமல் பின்வரிசைத் தலைகளைப் பார்க்கும்படி லேசாகக் குனிய வைப்பது. பின்சுவரில் ஒரு கனத்த திரைச்சீலையும் உதவும். கூடம் இன்னும் நீளமானால் நடுவில் ஒரு சின்ன ஜோடி ஸ்பீக்கரை மாட்டி, முன்னாலிருந்து வரும் ஒலியோடு சேரும்படி சற்றுத் தாமதப்படுத்த வேண்டும். ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகிறது. 6 மீட்டர் தள்ளி மாட்டினால் தாமதம் 18 மில்லிநொடி.

மைக் ஊளையிட்டால் வாட் வீண்

சின்னக் கூடங்களில் சத்தத்தின் எல்லையை முடிவு செய்வது பெரும்பாலும் ஆம்ப்ளிஃபயர் அல்ல, மைக்தான். ஸ்பீக்கரின் ஒலி மைக்குக்குள் மறுபடி நுழைந்து சுற்றத் தொடங்கியதும் ‘கூ’ என்று ஊளை கிளம்பும். அந்த இடத்தில் குமிழை நிறுத்தியே ஆக வேண்டும். ஆம்ப்ளிஃபயரில் மிச்சமிருக்கும் வாட் அப்படியே தூங்கும்.

வாயிலிருந்து 4 அங்குலத்தில் இருக்கும் மைக்கை 2 அங்குலத்துக்குக் கொண்டுவந்தால் ஏறக்குறைய 6 டெசிபல் இலவசமாகக் கிடைக்கும். வாட் கணக்கில் அது நான்கு மடங்கு. மேடையில் நான்கு மைக் திறந்திருந்தால் ஊளைக்கு முன்பு கிடைக்கும் இடம் ஒரு மைக்கைவிட 6 டெசிபல் குறையும். பேசாதவரின் மைக்கை அணைத்துவைப்பதும், பாக்ஸ்களை மைக்குக்கு முன்னால், சபையை நோக்கி நிறுத்துவதும் செலவில்லாத மருந்து.

126 டெசிபல் என்று எழுதியிருந்தால்?

ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் பவர்டு பாக்ஸ்களில் வாட் பொருத்தம் பார்க்கும் வேலை இல்லை, தயாரிப்பாளரே பார்த்திருப்பார். அங்கே ஒப்பிட வேண்டியது ‘அதிகபட்ச ஒலி அளவு’ என்ற டெசிபல் எண்ணை. ஆனால் இதிலும் பீக் நுழைந்துவிடும். சென்சிட்டிவிட்டி 96, பீக் 1000 வாட் என்றால் 96உடன் 30 சேர்த்து 126 என்று போடுவார்கள். தொடர் வாட் 250 என்று வைத்துக் கணக்கிட்டால் 120. சூட்டினால் குறையும் 3ஐயும் கழித்தால் 117. நம் கூடத்துக்கு அதுவே தாராளம்: கடைசி வரிசையில் 95 வரும், அதுவும் ஒரே பாக்ஸுக்கு.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. மூடிய கூடத்துக்குள் இருப்பவர்கள் மட்டும் கேட்பதற்கு விலக்கு உண்டு. ஆனால் தனியார் இடத்தின் எல்லையில் அந்தப் பகுதிக்குரிய அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. குடியிருப்புப் பகுதிக்கு அந்த அளவு பகலில் 55, இரவில் 45. சுவரை எளிதில் தாண்டுவது பேச்சு அல்ல, ‘டும் டும்’ என்ற அடி ஒலி. பேச்சும் பாட்டும் நடக்கும் கூடத்துக்குச் சப்-உஃபர் வாங்காமல் விட்டால் பணமும் மிச்சம், பக்கத்து வீட்டுச் சண்டையும் மிச்சம்.

கடையில் கேட்க ஐந்து கேள்வி

ஒன்று: ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி எத்தனை? இரண்டு: அதன் தொடர் வாட் எவ்வளவு? மூன்று: ஆம்ப்ளிஃபயர் 8 ஓமில் தொடர்ந்து எத்தனை வாட்? நான்கு: கிளிப் விளக்கோ, தானே அடக்கும் லிமிட்டரோ இருக்கிறதா? ஐந்து: நிகழ்ச்சி நடக்கும் ஒரு நாள் கூடத்தில் மாட்டிக் காட்டுவீர்களா?

ஐந்தாவதுக்குச் சம்மதித்தால், பாட்டுப் போட்டுக் காட்டச் சொல்லாதீர்கள். ஒருவரை மைக்கில் செய்தித்தாள் வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் கடைசி வரிசைக்குப் போங்கள். ஒவ்வொரு சொல்லும் விளங்கி, கிளிப் விளக்கு எரியாமல், மைக் ஊளையிடாமல் இருந்தால், பெட்டியில் என்ன வாட் எழுதியிருந்தாலும் அந்தச் செட்டை வாங்கலாம்.